அவருடைய நம்பர் கிடைக்குமா? நடுவில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் கேட்பது எப்படி

ஒருவரிடம் பேச வேண்டிய தேவை நமக்கு வருகிறது. அவருடைய எண் நம்மிடம் இல்லை. நம்மையும் அவரையும் தெரிந்த ஒருவரிடம் இருக்கிறது. உடனே வாட்ஸ்அப்பைத் திறந்து, "அவங்க நம்பர் கொஞ்சம் அனுப்புங்க, அவசரம்" என்று ஒரு வரி தட்டிவிடுகிறோம். கேட்பவருக்கு இது சின்ன விஷயம். அதைப் படிப்பவருக்கு அப்படியல்ல.

அவர் எண்ணைக் கொடுத்தால், உரியவரைக் கேட்காமல் கொடுத்தவர் ஆகிறார். கொடுக்க மறுத்தால், "ஒரு நம்பர் தர மனசில்லை" என்று நாம் நினைப்போமோ என்று அஞ்சுகிறார். இரண்டு பக்கமும் உறவு. பெரும்பாலும் எதிரில் நிற்பவரின் முகத்துக்காக எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். எண்ணுக்கு உரியவரோ, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போதுதான் தம்முடைய எண் கைமாறிய செய்தியையே அறிகிறார்.

எண் என்பது இன்று வெறும் பேசும் கருவியின் எண் அல்ல. அதே எண்ணில்தான் வங்கியின் ஓடிபி வருகிறது, ஆதார் இணைந்திருக்கிறது, எரிவாயு சிலிண்டர் பதிவாகியிருக்கிறது. அதைப் பணம் அனுப்பும் செயலியில் தட்டினால் பெரும்பாலும் முழுப் பெயரும் தெரிந்துவிடும். பிடிக்காதவர் கையில் போய்விட்டால் எளிதில் மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் ஒருவரின் எண்ணை அனுப்ப இரண்டு மூன்று தட்டல் போதும். அனுப்பியதை அழித்தாலும், பார்த்தவர் பார்த்ததுதான். குறிப்பாக நம் வீட்டுப் பெண்களின் எண் என்றால், அந்தக் குடும்பமே அதைப் பற்றி யோசிக்கும்.

எனவே கேட்கவே கூடாது என்பதல்ல. எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக அனுமதியைக் கேட்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

அனுமதி என்றால் மறுக்கவும் வழி இருக்க வேண்டும்

பிறர் வீட்டு வாசலில் நிற்பவர் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27வது வசனம் கற்றுத் தருகிறது. அடுத்த வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்கிறது. காரணம் கேட்க வேண்டும் என்றோ, மனத்தாங்கல் கொள்ளலாம் என்றோ அங்கே இல்லை. ஒருவருடைய கைபேசியும் இன்று அவர் வீட்டு வாசல் போலத்தான்.

நடுவில் நின்று பேசுபவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் இருக்கிறது. அடிமையாக இருந்த பரீரா (ரலி) விடுதலை பெற்றதும் கணவர் முகீஸ் (ரலி) அவர்களை விட்டுப் பிரிந்தார்கள். முகீஸ் அழுதபடியே மதீனா வீதிகளில் அவர்கள் பின்னால் சென்றார். அவரிடம் திரும்பிப் போகலாமே என்று நபி (ஸல்) அவர்கள் பரீராவிடம் சொன்னபோது, இது கட்டளையா என்று அவர்கள் கேட்டார்கள். பரிந்துரைதான் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். அப்படியானால் எனக்கு விருப்பமில்லை என்று பரீரா மறுத்துவிட்டார்கள். அதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. பரிந்துரைப்பவர் நபியாக இருந்தும், மறுக்கும் கதவு திறந்தே இருந்தது. நாம் அனுப்பும் ஒரு செய்தியில் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம்

காயல்பட்டினத்தில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் பிளஸ் டூ முடித்து, நீட் தேர்வும் எழுதியிருக்கிறாள். யூனானி மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. மகளை அவ்வளவு காலம் வெளியூரில் விட வேண்டும். சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில், பக்கத்துத் தெரு லாத்தாவின் நாத்தனார் மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளிடம் பேசினால் மனம் தெளியும். எண் லாத்தாவிடம் இருக்கிறது.

தாய் இப்படி எழுதலாம்:

"அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. நல்லா இருக்கீங்களா? மகள் யூனானி படிக்க ஆசைப்படுகிறாள். உங்கள் நாத்தனார் மகள் சென்னையில் அதைப் படிப்பதாக நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, உர்தூ தெரியாத பிள்ளைகள் சமாளிக்க முடிகிறதா என்று மூன்று விஷயம் அந்தப் பிள்ளையிடம் கேட்க நினைக்கிறோம். பத்து நிமிடம் போதும்.

உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க முடியுமா? அவள் சரி என்று சொன்ன பிறகு எண்ணைக் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் என் எண்ணை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள், அவளுக்குத் தோதான நேரத்தில் அவளே பேசட்டும்.

படிப்பு வேலை இருக்கும், பேச விருப்பமில்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் விட்டுவிடுங்கள் லாத்தா, காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வோம்."

இந்தச் செய்தி கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

எதற்காக என்று முதலிலேயே சொல்லிவிட்டார். காரணம் தெரியாமல் எண் கேட்டால், லாத்தா பலவாறு யோசிப்பார். கல்யாண வயதில் இருக்கும் பெண்ணின் எண் என்பதால் சம்பந்தம் பேசத்தான் கேட்கிறார்களோ என்ற எண்ணமும் வரும். விடுதி, சாப்பாடு, உர்தூ என்று கேள்விகளையே சொல்லிவிட்டதால் அந்த யோசனைக்கு இடமில்லை.

எவ்வளவு நேரம் என்றும் சொன்னார். "கொஞ்சம் பேசணும்" என்பதற்கு எல்லை கிடையாது. பத்து நிமிடம் என்றால் அந்த மாணவி தன் நாளில் எங்கே அதை வைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். சொன்ன நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது பிறகு நம் பொறுப்பு.

எண்ணைக் கேட்கவில்லை. கேட்டுப் பார்க்கச் சொன்னார். அதோடு தம் எண்ணையே கொடுக்கச் சொன்னார். இந்த ஒரு வரி நிலைமையைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது. லாத்தா யாருடைய எண்ணையும் வெளியே கொடுக்க வேண்டியதில்லை. மாணவியும் மறுக்க வேண்டியதில்லை, பேச விருப்பமில்லையென்றால் அழைக்காமல் இருந்தால் போதும். யாரும் யாரிடமும் "இல்லை" என்ற சொல்லைச் சொல்லாமலே விஷயம் முடிந்துவிடும்.

கடைசியாக, வேறு வழி இருப்பதையும் சொல்லிவிட்டார். "உங்களை விட்டால் எங்களுக்கு வேறு யாருமில்லை" என்று எழுதியிருந்தால் லாத்தாவால் மறுக்கவே முடியாது. கல்லூரி அலுவலகம் இருக்கிறது என்றதும், மறுத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்ற பாரம் அவர் தோளில் ஏறாது. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். வேறு வழி இல்லாதபோது இருப்பதாக எழுதக் கூடாது. கவுன்சலிங் தேதி நெருங்கியிருந்தால், அந்தத் தேதியை அப்படியே சொல்லிவிடலாம். உண்மையான தேதி தகவல்தான். காரணம் சொல்லாத "அவசரம்" என்ற சொல்தான் நெருக்கடி.

அப்படியே அனுப்பத்தக்க ஒரு குறிப்பு

லாத்தாவுக்கு இன்னொரு சுமை உண்டு. நம் விஷயத்தை அந்தப் பெண்ணிடம் அவர் தம் வாயால் விளக்க வேண்டும். விளக்கும்போது தம்மையறியாமல் அழுத்தமும் சேர்ந்துவிடும். "ரொம்ப நல்ல குடும்பம், நீ பேசித்தான் ஆகணும்" என்று மாமி சொன்னால் எந்த மருமகள் முறைப் பிள்ளை மறுக்கும்? இதைத் தவிர்க்க, மாணவிக்கென்று தனியாக நான்கு வரி எழுதி அனுப்பிவிடலாம். லாத்தா அதை அப்படியே அவளுக்கு அனுப்பினால் போதும்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் உங்கள் மாமியின் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். என் மகள் யூனானி படிக்க விரும்புகிறாள். விடுதி, சாப்பாடு, உர்தூ பற்றி உங்களிடம் கேட்க ஆசை. எழுத்தில் பதில் தந்தாலும் போதும், உங்கள் உம்மா மூலமாகச் சொன்னாலும் போதும். வசதிப்படாவிட்டால் பதில் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் படிப்புக்கு எங்கள் துஆ."

முதல் செய்தியில் லாத்தாவிடம் நாம் உரிமையோடு பேசியதெல்லாம் இதில் வரக் கூடாது. இதைப் படிக்கப் போவது வேறொருவர். அதனால்தான் இரண்டையும் தனித்தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். ஒன்றாகச் சேர்த்து எழுதினால், லாத்தா அதை வெட்டித் திருத்த வேண்டியிருக்கும், அல்லது மொத்தத்தையும் அனுப்பிவிடுவார்.

இரண்டையும் லாத்தாவுக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். குடும்பக் குழுவிலோ தெருக் குழுவிலோ போட்டால் நாற்பது பேர் பார்க்க அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பலர் முன்னால் கேட்கப்படும் கேள்விக்கு மறுப்பு சொல்வது எளிதல்ல. கல்யாண வீட்டில் சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்பதும் இதே போன்றதுதான். தனியாக வந்த எழுத்துச் செய்திக்கு யோசித்துப் பதில் சொல்லலாம். அழைத்துக் கேட்டால் அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர் என்றால் குரல் பதிவு அனுப்பலாம், அதையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

நடுவில் இருப்பவர் செய்ய வேண்டியது

இப்போது லாத்தாவின் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வது? வந்த குறிப்பை மாணவிக்கு அனுப்பி, அதற்குக் கீழே ஒரே வரி எழுதினால் போதும்: "இப்படிக் கேட்டிருக்கிறார்கள். உனக்குத் தோதுப்பட்டால் சொல், இல்லையென்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்." பிள்ளையின் உம்மாவுக்கும் தெரிவிப்பது நம் குடும்பங்களில் வழக்கம், நல்லதும்கூட. ஆனால் உம்மாவிடம் மட்டும் கேட்டு, அவர் "கொடுங்களேன்" என்று சொன்னதை வைத்து எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. பேசப் போவது மகள்.

மாணவி மறுத்தால், அந்த மறுப்பை அப்படியே கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. "அவ பேச மாட்டேங்கிறா" என்று சொன்னால் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் ஒரு கசப்பு தங்கிவிடும். "இப்போது அவளுக்குத் தோதுப்படவில்லையாம்" என்பது பொய்யும் அல்ல, யாரையும் குத்தவும் செய்யாது. தேர்வு, காய்ச்சல் என்று இல்லாத காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. கேட்டவரே காரணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே, அது இங்கேதான் உதவுகிறது.

நம் உதாரணத்தில், மூன்று நாள் கழித்து மாணவி மாமிக்கு ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்புகிறாள். மூன்று கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது. எண்ணை மட்டும் கொடுக்கவில்லை. லாத்தா அவளிடம் "இதை அவர்களுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டு அனுப்புகிறார். தாய்க்குத் தேவைப்பட்டது கிடைத்துவிட்டது. தேவை மூன்று கேள்விக்கான பதில்தான், எண் அல்ல. கேள்விகளை முதல் செய்தியிலேயே எழுதியதால்தான் இப்படி ஒரு வழி மாணவிக்குத் தெரிந்தது. வெறும் எண்ணைக் கேட்டிருந்தால் கொடுப்பது, மறுப்பது என்ற இரண்டு வழிதான் அவளுக்கு இருந்திருக்கும்.

பதில் வராவிட்டால்

ஒரு வாரம் வரை காத்திருக்கலாம். நீலக் குறி விழுந்துவிட்டதே, பார்த்துவிட்டாரே என்று கணக்கு வைக்கக் கூடாது. பார்த்தவர் இன்னும் கேட்டிருக்க மாட்டார், கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது, வந்திருந்தாலும் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அந்த நினைவூட்டலும் கதவைத் திறந்து வைப்பதாக இருக்க வேண்டும்: "லாத்தா, அன்று கேட்டது தோதுப்படாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். நாங்கள் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்கிறோம்."

இதற்கும் பதில் இல்லையென்றால், அந்த மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது வாசலில் நிற்பவருக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கு. நாம் இரண்டோடு நிறுத்திக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதன் பிறகு லாத்தாவைத் தெருவில் பார்க்கும்போது வழக்கம் போல ஸலாம் சொல்லி, இந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பதுதான் "ஒன்றும் நினைக்க மாட்டோம்" என்பதற்குச் சாட்சி. இன்னொரு உறவினர் வழியாக அதே எண்ணைத் தேடுவது சரியல்ல. மறுத்தவருடைய மறுப்பைச் சுற்றிக்கொண்டு போவதாகும் அது.

சில வேளைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். செய்தி போன அடுத்த நிமிடமே எண் வந்து விழும். நாம் எவ்வளவு பக்குவமாக எழுதியிருந்தாலும், நமக்கு உதவும் ஆசையில் அவர் உரியவரிடம் கேட்காமல் அனுப்பியிருக்கலாம். "நான் கொடுத்ததாகச் சொல்லிவிடாதீர்கள்" என்றும் சேர்த்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது உடனே அழைத்துவிடாமல், "ஜஸாக்கல்லாஹு கைரன் லாத்தா. அவளிடம் கேட்டாச்சா? கேட்ட பிறகு பேசுகிறேன்" என்று ஒரு வரி எழுத வேண்டும். அனுமதி கிடைக்கும் வரை அந்த எண் நம் கையில் அமானிதமாகவே இருக்கிறது.

எண் கிடைத்த பிறகு

முதலில் அழைக்காமல், எழுத்தில் ஸலாம் சொல்லி, நாம் யார், எண்ணைத் தந்தவர் யார், எதற்காக என்று எழுதி, எப்போது அழைக்கலாம் என்று கேட்க வேண்டும். பேசி முடிந்ததும் லாத்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்ன பேசினோம் என்று அவரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் இன்னொரு பிள்ளையும் யூனானி படிக்க விரும்புகிறாள் என்று தெரிந்தால், நம்மிடம் இருக்கும் எண்ணை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அனுமதி நமக்குத்தான் தரப்பட்டது. அடுத்தவருக்காக மறுபடியும் கேட்க வேண்டும்.

திருமணப் பேச்சுக்காக எண் கேட்பதானால் இரண்டு விஷயம் மாறும். ஒன்று, கேட்க வேண்டியது பெண்ணின் எண்ணை அல்ல, அவளுடைய வாப்பாவின் அல்லது பொறுப்பாளரின் எண்ணை. இன்னொன்று, சம்பந்தம் பேசத்தான் என்று மறைக்காமல் நடுவில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். படிப்பு பற்றிக் கேட்கிறோம் என்று சொல்லி எண் வாங்கிச் சம்பந்தம் பேசினால், லாத்தா அந்தக் குடும்பத்திடம் தலைகுனிய நேரிடும். மற்ற எல்லாம் முன்பு சொன்னது போலத்தான். "எங்கள் எண்ணை அவர்களிடம் கொடுங்கள், விருப்பமிருந்தால் அவர்கள் பேசட்டும்" என்பது இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும். விருப்பமில்லாதவர்கள் பெண் பிள்ளையின் பெயரை எங்கும் அடிபட விடாமல், அழைக்காமலே இருந்துவிடலாம்.

கடன் பாக்கி, சொத்துத் தகராறு போன்றவற்றுக்கு இந்த முறை உதவாது. எதிரில் இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்று தெரிந்தே நண்பரை அனுப்புவது, அவரை நம் வழக்கில் இழுத்து விடுவதாகும். அதற்கு ஜமாஅத் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார்.

அடுத்த முறை "நம்பர் அனுப்புங்க" என்று தட்டத் தொடங்கும்போது, அந்த வரியை அழித்துவிட்டு, "என் எண்ணை அவருக்குக் கொடுக்க முடியுமா?" என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அந்த ஒரு மாற்றமே போதும்.